பிள்ளை தூங்கும்போது தாய் தூங்குகிறாளா?

சுகப்பிரசவம். தலைச்சன் பெண் குழந்தை, மூன்று கிலோ. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து தாய்வீட்டுக்கு வந்தாயிற்று. அன்றிரவு குழந்தை பால் குடித்துவிட்டு அயர்ந்து தூங்குகிறது. தாய் தூங்கவில்லை. நள்ளிரவு ஒரு மணிக்கு எழுந்து குழந்தையின் துணிகளை மடித்து அடுக்குகிறாள். அது முடிந்ததும் பீரோவைத் திறந்து அதையும் ஒழுங்குபடுத்துகிறாள். “பச்சை உடம்பும்மா, வந்து படு” என்று அம்மா கூப்பிட்டால், “எனக்குத் தூக்கமே தேவைப்படலம்மா, உடம்பு பஞ்சு மாதிரி இருக்கு” என்கிறாள். முகத்தில் களைப்பே இல்லை. பெண் தெம்பாக இருக்கிறாள் என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

நான்காம் நாள் விடியுமுன்பே கணவனுக்கும் பள்ளித் தோழிகளுக்கும் போன் போடுகிறாள். பேச்சு வேகமாக வருகிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. அன்று இரவும் தூக்கமில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் பிரசவ லேகியத்தைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, “இதுல என்னம்மா கலந்தே?” என்று கேட்கிறாள். அம்மா சிரிக்கிறாள். அவள் சிரிக்கவில்லை. ஆறாம் நாள் சுவரையே வெறித்துப் பார்க்கிறாள். இது எந்த வீடு என்று கேட்கிறாள். தொட்டிலைக் காட்டி, “இது என் பிள்ளை இல்ல, ஆஸ்பத்திரியில மாத்திட்டாங்க” என்று காதோடு சொல்கிறாள். அரை மணி நேரம் கழித்து அதே பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுக்கிறாள், சாதாரணமாகப் பேசுகிறாள். “தூக்கம் கெட்டதுல ஏதோ உளறிட்டா, இப்ப சரியாயிட்டா” என்று வீடு தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்கிறது. ஏழாம் நாள் இரவு அவள் அம்மாவை எழுப்பி, இந்தப் பிள்ளையைத் தீய சக்திகள் தேடி வருகின்றன, அதைக் காப்பாற்றத் தனக்கு ஒரு கட்டளை வந்திருக்கிறது என்கிறாள்.

இது குறிப்பிட்ட ஒரு பெண்ணுக்கு நடந்த கதை அல்ல. மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிற வரிசையை ஒரே வீட்டில் வைத்துச் சொன்னேன். இந்த நோய்க்கு மருத்துவர்கள் சொல்லும் பெயர் போஸ்ட்பார்ட்டம் சைக்கோசிஸ். தமிழில் பேறுகால மனப்பிறழ்வு என்று சொல்லலாம். ஆயிரம் பிரசவங்களில் ஒருவருக்கோ இருவருக்கோ வருகிறது. கேட்பதற்குச் சின்ன எண்ணிக்கைதான். ஆனால் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 8 முதல் 9 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. இந்தக் கணக்கில் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஆயிரம் தாய்மாராவது இதற்குள் போய் வருகிறார்கள். பெரும்பாலானோருக்கு இது தொடங்குவது பிரசவமான முதல் இரண்டு வாரங்களுக்குள், அதிலும் பலருக்கு முதல் வாரத்திலேயே. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அடுத்த செக்கப்புக்கு வரச் சொன்ன தேதிக்கு முன்னால். அதனால் இதை முதலில் பார்ப்பது டாக்டரோ நர்ஸோ அல்ல. பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் அம்மாவோ அக்காவோ அத்தையோதான்.

அவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது தூக்கம். பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் எந்தத் தாயும் நன்றாகத் தூங்குவதில்லை. இரண்டு மணிக்கொரு முறை பால் கொடுக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும். ஆனால் அந்தத் தாய்க்குத் தூக்கம் வேண்டும். குழந்தை கண்ணயர்ந்தால் அவளும் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிடுவாள். மனப்பிறழ்வு தொடங்கும் தாய்க்கு நிலைமை வேறு. குழந்தை தூங்குகிறது, வேறொருவர் பார்த்துக்கொள்கிறார், அறை அமைதியாக இருக்கிறது, அப்போதும் அவள் விழித்திருக்கிறாள். தூங்காததால் களைப்பும் தெரிவதில்லை. உடம்பில் ஏதோ ஒரு முறுக்கு ஏறியிருக்கிறது. இப்படி இரண்டு இரவு போனால், கூடவே பேச்சில் வேகம், படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், அளவுக்கு மீறிய உற்சாகம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால், மூன்றாவது இரவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குரல் கேட்பதும் சந்தேகம் முற்றுவதும் பெரும்பாலும் இதற்குப் பிறகு வருபவை. நம் வீடுகளில் அந்தக் கட்டத்துக்கு வந்த பிறகுதான் பயப்படுகிறோம்.

முதல் வாரத்தில் தாய் அழுதால் உடனே இந்த நோய் என்று கலங்க வேண்டாம். மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் பாதிக்கும் மேற்பட்ட தாய்மாருக்குக் கண் கலங்கும், மனம் ஏறி இறங்கும். இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அரவணைப்பும் ஓய்வும் போதும்.

மனச்சோர்வு, அதாவது டிப்ரஷன், அதிலிருந்து வேறு. இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ ஐந்து தாய்மாரில் ஒருவருக்கு அது இருக்கிறது. அது மெல்ல வரும். வாரக்கணக்கில் சேரும், பிரசவமாகி மூன்று மாதம், ஆறு மாதம் கழித்துக்கூடத் தொடங்கும். எதிலும் பிடிப்பில்லை, பசியில்லை, தான் நல்ல தாய் இல்லை என்ற குற்ற உணர்ச்சி, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் என்று அவள் உள்ளுக்குள் சுருங்கிப் போவாள். ஆனால் இன்று என்ன கிழமை, தான் எங்கே இருக்கிறோம், மடியில் இருப்பது யார் பிள்ளை என்பதில் அவளுக்குக் குழப்பம் இருக்காது. பெரும்பாலான தாய்மாரை வீட்டில் வைத்துக்கொண்டே ஆலோசனையாலும் மாத்திரையாலும் குணப்படுத்திவிடலாம். இந்த வாரம் அப்பாயின்ட்மென்ட் வாங்கி டாக்டரைப் பார்க்க வேண்டிய நோய் அது. சாகத் தோன்றுகிறது என்று அவள் சொன்னால் மட்டும் அதுவும் அன்றே பார்க்க வேண்டியதாகிவிடும்.

மனப்பிறழ்வில் கணக்கு நாளாகவும் மணியாகவும் இருக்கிறது. காலையில் கலகலப்பாக இருந்தவள் மாலையில் ஆள் அடையாளம் தெரியாமல் விழிக்கலாம். இங்கே உடைவது மனநிலை மட்டுமல்ல, எது நிஜம் என்று பிரித்தறியும் சக்தியும்தான். அழுகை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பலர் ஆரம்பத்தில் மிகுந்த சந்தோஷத்தில் இருக்கிறார்கள். ‘பிரசவத்துக்குப் பின் மனநோய்’ என்றால் மூலையில் உட்கார்ந்து அழும் பெண் என்ற படம் நம் மனதில் பதிந்துபோனதால், சிரித்துப் பேசி ஓடியாடும் பெண்ணை யாரும் சந்தேகிப்பதில்லை.

இரண்டையும் பிரித்துப் பார்க்க உதவும் இன்னொரு இடம் உண்டு. வெளியே சொல்லத் தயங்கும் விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மனச்சோர்விலோ கடும் பதற்றத்திலோ இருக்கும் தாய்க்கு, “என் கையாலேயே பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ” என்ற எண்ணம் திடீர் திடீரென்று குறுக்கே வரும். அந்த எண்ணத்தைக் கண்டு அவளே நடுங்குவாள். கத்தி இருக்கும் பக்கம் போக மாட்டாள், பிள்ளையைக் குளிப்பாட்டப் பயப்படுவாள், யாரையாவது கூடவே இருக்கச் சொல்வாள். அது தன் மனம் போடும் பயங்காட்டல் என்று அவளுக்குத் தெரியும். அவளைப் பிள்ளையிடமிருந்து பிரிக்கத் தேவையில்லை. அவளுக்குச் சிகிச்சை வேண்டும், அவ்வளவுதான். மனப்பிறழ்வில் இருக்கும் தாய்க்கு அந்த நடுக்கம் இருக்காது. பிள்ளைக்குள் தெய்வம் இருக்கிறது, அல்லது பிசாசு இருக்கிறது, இந்த உலகத்தில் விட்டால் பிள்ளை சித்திரவதைப்படும், அதைத் தான்தான் காப்பாற்ற வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குக் கண்ணால் கண்ட உண்மை. அதைச் சில நேரம் மிக அமைதியாகச் சொல்வாள். அந்த அமைதிக்குத்தான் அஞ்ச வேண்டும். இந்த நோய் வந்த பெரும்பாலான தாய்மார் பிள்ளையைத் தீண்டுவதில்லை. நேரும் மிகச் சில துயரங்களோ பெரும்பாலும் வெறுப்பால் நடப்பவை அல்ல. காப்பாற்றுவதாக நம்பி நடப்பவை. பிள்ளைக்கு இருக்கும் ஆபத்தைவிடத் தாய் தன் உயிரையே மாய்த்துக்கொள்ளும் ஆபத்து அதிகம்.

தெளிந்த நேரங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த நோய் அலையலையாக வரும். ஒரு மணி நேரம் புத்தி கலங்கியிருப்பவள் அடுத்த மணி நேரம் உங்களிடம் “சாப்பிட்டீங்களா மாமா?” என்று கேட்பாள். டாக்டர் முன்னால் உட்காரும்போது அந்தத் தெளிந்த நேரமாக இருந்துவிட்டால், “ஒன்றுமில்லை, ரெஸ்ட் எடுக்கட்டும்” என்று திருப்பி அனுப்பப்படவும் வாய்ப்பிருக்கிறது. ஆகவே வீட்டில் பார்த்ததை எழுதிக் கொண்டு போங்கள்: எந்தத் தேதியில் பிரசவம், எந்த இரவிலிருந்து தூங்கவில்லை, என்ன சொன்னாள், எத்தனை மணிக்குச் சொன்னாள். அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள். தெளிந்திருக்கிறாள் என்பது குணமாகிவிட்டதற்கு அடையாளம் ஆகாது.

உடனே ஓட வேண்டும் என்பதற்கு இன்னொரு வலுவான காரணம் உடம்பு சம்பந்தப்பட்டது. நம் கிராமங்களில் பிரசவித்தவள் பிதற்றினால் ‘ஜன்னி கண்டிருச்சு’ என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் பல நோய்கள் அடங்கியிருந்தன. கர்ப்பப்பையில் சீழ் பிடித்து ரத்தத்தில் விஷம் ஏறினாலும் பிதற்றல் வரும். ரத்த அழுத்தம் எகிறி மூளையைத் தாக்கினாலும் வரும். தைராய்டு தாறுமாறானாலும் வரும். மூளையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டு செல்லும் சிரைகளில் ரத்தம் உறைந்தாலும் வரும். பிரசவித்தவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருக்கும், புண் ஆறாது என்று சொட்டுச் சொட்டாகக் கொடுக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. உடம்பில் நீர் வற்றுவது இந்த உறைவுக்குத் துணைபோகிறது. காய்ச்சல், கடுமையான தலைவலி, வலிப்பு, ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, பார்வை மங்குவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கூட இருந்தால், மனநோய் என்று எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில் உயிரே போய்விடும். இவற்றைப் பிரித்தறிய ரத்தப் பரிசோதனையும் சில சமயம் மூளை ஸ்கேனும் வேண்டும். கோடாங்கியோ மந்திரிப்பவரோ இதைச் செய்ய முடியாது. கோயிலுக்குப் போவதையோ வேண்டிக்கொள்வதையோ நான் தடுக்கவில்லை. முதலில் ஆஸ்பத்திரி, வேண்டுதல் அதற்குப் பிறகு.

எந்த ஆஸ்பத்திரி? மகப்பேறு, பொது மருத்துவம், மனநலம் மூன்றும் ஒரே வளாகத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ மாவட்டத் தலைமை மருத்துவமனையோ நல்லது. இரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போங்கள். 108-ஐக் கூப்பிடலாம். உள்ளே நுழைந்ததும் “பொண்ணுக்கு மனசு சரியில்ல” என்று பொதுவாகச் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். “பிரசவமாகி ஏழு நாள் ஆகுது, நாலு ராத்திரியா தூங்கல, புத்தி தடுமாறுது, பிள்ளை தன்னோடது இல்லங்கிறா” என்று சொல்லுங்கள். அந்த நான்கு தகவலும் மருத்துவருக்கு அவசரத்தைப் புரியவைக்கும்.

வண்டி வரும் வரை அவளையும் தனியே விடக் கூடாது, அவளையும் பிள்ளையையும் மட்டும் ஓரறையில் விடவும் கூடாது. பிள்ளையை ஒருவர் வைத்துக்கொள்ளட்டும், இன்னொருவர் அவள் பக்கத்தில் இருக்கட்டும். பிள்ளையைப் பிடுங்காமல், “நீ கொஞ்சம் சாய்ஞ்சுக்கோ, நான் வச்சிருக்கேன்” என்று வாங்கிக்கொள்ளலாம். மாடிக் கதவும் கிணற்றடியும் கவனத்தில் இருக்கட்டும்; மாத்திரை டப்பாக்களை அப்புறப்படுத்துங்கள். அவள் சொல்வதை மறுத்து வாதாடாதீர்கள். வாதாடினால் நீங்களும் அந்தச் சதியில் ஒருவர் ஆகிவிடுவீர்கள். ஆமோதிக்கவும் வேண்டாம். “பயமா இருக்கில்ல, நான் கூட இருக்கேன்” என்ற அளவில் நிறுத்துங்கள். அடிப்பது, கட்டிப்போடுவது, வேப்பிலை அடிப்பது எதுவும் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் கூடாது.

ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் முதல் வேலை அவளைத் தூங்கவைப்பது. பிறகு மனப்பிறழ்வைக் கட்டுப்படுத்தும் மருந்துகள், தேவைப்பட்டால் லித்தியம். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 64 பெண்களுக்கு இந்த வரிசையில் படிப்படியாக மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ அனைவருமே தெளிந்தார்கள். உயிருக்கு ஆபத்தான கட்டத்தில் மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் மின் அதிர்வு சிகிச்சையும் உண்டு. சினிமாவில் காட்டும் கொடூரம் அதில் இல்லை. தாய்ப்பாலைப் பொறுத்தவரை சில மருந்துகளோடு கொடுக்கலாம், லித்தியம் போன்றவற்றில் மிகுந்த எச்சரிக்கை தேவை. எதைத் தொடர்வது என்பதை மருத்துவர் மருந்தைப் பார்த்துச் சொல்வார். பால் நின்றுவிடுமே என்று மருந்தைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய இழப்பு. பெங்களூர் நிம்ஹான்ஸில் 2009 முதல் தாயையும் சேயையும் ஒன்றாகச் சேர்த்துச் சிகிச்சையளிக்கும் தனிப் பிரிவு இயங்குகிறது. அத்தகைய பிரிவு இல்லாத இடங்களிலும் ஒன்றைக் கேட்டுப் பெறலாம்: மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து வழக்கமாகப் பிரிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. குழந்தைக்கு ஆபத்து இருந்தால் மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம்.

கடுமையான கட்டம் சில வாரங்களில் அடங்கும். முழுதாகப் பழைய நிலைக்கு வர ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகலாம். இடையில் சிலருக்கு மனச்சோர்வு வரும். நோயில் தான் பேசியது நினைவுக்கு வந்து கூசிப்போவார்கள். அப்போது அதை வீட்டில் யாரும் சொல்லிக்காட்டக் கூடாது. தெளிந்துவிட்டாள் என்று மருந்தைப் பாதியில் நிறுத்துவதும் அப்போதுதான் அதிகம் நடக்கிறது.

யாருக்கு வரும் என்பதைப் பாதியளவாவது முன்கூட்டியே சொல்ல முடியும். எடின்பரோவில் நடத்தி 1987-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பிரசவமான முதல் 30 நாளில் மனப்பிறழ்வுக்காகச் சேர்க்கப்படும் வாய்ப்பு கர்ப்பத்துக்கு முந்தைய காலத்தைவிட 20 மடங்குக்கும் மேல் என்று தெரியவந்தது. பிரசவத்தோடு ஹார்மோன்கள் சில நாளில் தலைகுப்புற இறங்குவதும் தூக்கம் கெடுவதும் ஏற்கெனவே உள்ள பரம்பரைக் கூறைத் தட்டி எழுப்புகின்றன என்பது இன்றைய புரிதல். அந்தக் கூறு பெரும்பாலும் பைபோலார் நோயைச் சேர்ந்தது. பைபோலார் உள்ள தாய்மாரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கும், முந்தைய பிரசவத்தில் ஒருமுறை வந்தவர்களில் மூவரில் ஒருவருக்கோ இருவரில் ஒருவருக்கோ கூட இது வரலாம். வேறு பலருக்கு எந்த முன்கதையும் இல்லாமல் முதல் பிரசவத்தில் திடீரென்று வந்துவிடுகிறது என்பதும் உண்மை. முன்கதை இருப்பவர்களுக்கோ கர்ப்பத்தின்போதே திட்டம் போடலாம்: பிரசவமானதும் தொடங்க வேண்டிய மருந்து, இரவில் பிள்ளைக்குப் பால் புகட்ட ஒருவர், தாய்க்குத் தடையில்லாத ஆறு மணி நேரத் தூக்கம், யார் எந்த இரவில் விழித்திருப்பது என்ற முறை.

இந்தத் திட்டம் போட முடியாமல் போவதற்கு நம் ஊரில் ஒரு காரணம் இருக்கிறது. பெண்ணுக்குக் கல்லூரிக் காலத்தில் ஒருமுறை மனநல சிகிச்சை நடந்திருக்கும், கல்யாணப் பேச்சு வந்ததும் அது மறைக்கப்படும், மாத்திரையும் நிறுத்தப்படும். புகுந்த வீட்டுக்குத் தெரியாது, பிரசவம் பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. மனச்சோர்வு என்று எண்ணி அதற்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் பைபோலார் கூறு உள்ளவளுக்கு நிலைமை மோசமாகவும் கூடும். மறைத்தவர்களை நான் குற்றம் சொல்லவில்லை, எதற்குப் பயந்து மறைத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் டாக்டரிடம் மறைக்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டில் இப்போது ஒரு கர்ப்பிணி இருந்தால், அவளுக்கோ அவளுடைய அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ எப்போதாவது மனநலச் சிகிச்சை நடந்ததுண்டா, யாராவது பிரசவத்துக்குப் பின் ‘ஒரு மாதிரி’ ஆகியிருந்தார்களா என்பதை அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். யாரிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.